‘சார்’, ‘மேடம்’: நம் வாயில் மரியாதை, வெளிநாட்டு வேலையிடத்தில் என்னவாகக் கேட்கிறது?

வெளிநாட்டு வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நம்மவர்கள் பலருக்கு இது நடக்கிறது. ‘குட் மார்னிங் சார்’ என்கிறோம். எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே ‘ப்ளீஸ், கால் மீ டேவிட்’ என்கிறார். ‘ஓகே சார்’ என்று வாயிலிருந்து வந்துவிடுகிறது.

ஆங்கிலம் போதாமல் இப்படி ஆவதில்லை, நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கும் ஆகிறது. இதை அடிமைப் புத்தி என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நம் பண்பாடு, எதற்கு விட வேண்டும் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தைத் தவற விடுகிறது: தமிழில் ‘சார்’ செய்யும் வேலை வேறு, ஆங்கிலத்தில் அதே சொல் செய்யும் வேலை வேறு. அதை முதலில் பார்க்கலாம். அப்புறம் வெளிநாட்டில், குறிப்பாக நம் செவிலியர்களும் மருத்துவர்களும் நிறையப் பேர் போகும் பிரிட்டன் மருத்துவமனைகளில், அது எப்படிக் கேட்கிறது என்று பார்க்கலாம்.

தமிழில் மரியாதை வினைச்சொல்லுக்குள் இருக்கிறது

‘வா’, ‘வாங்க’. ‘சொல்லு’, ‘சொல்லுங்க’. ‘எப்ப வந்தே’, ‘எப்ப வந்தீங்க’. எதிரில் இருப்பவர் எனக்கு என்ன முறை, என்ன மட்டம் என்று முடிவு செய்யாமல் தமிழில் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாது. யாழ்ப்பாணத் தமிழில் நீ, நீங்கள் இரண்டுக்கும் நடுவே ‘நீர்’ என்று இன்னொரு படியும் உண்டு. ‘ஆமா’ என்ற ஒற்றைச் சொல் பதிலுக்குக்கூட ‘ஆமாங்க’ என்று ஒரு ‘ங்க’ வேண்டியிருக்கிறது. கோவைப் பக்கம் கேட்டால் ‘ஏனுங்க’ என்று கேள்வியிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது அதே ஆள் ஆங்கிலத்துக்கு மாறுகிறார். ‘யெஸ்’ என்று மட்டும் சொன்னால் அவர் காதுக்கே அது ‘ஆமா’ என்று மொட்டையாக ஒலிக்கிறது. ‘ங்க’வை எங்கே வைப்பது? ஆங்கில வினைச்சொல்லில் அதற்கு இடம் இல்லை. ‘யூ’ என்பதும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் ‘தௌ’ என்றால் நீ, ‘யூ’ என்றால் நீங்கள் என்ற வேறுபாடு இருந்தது. பொது வழக்கில் ‘தௌ’ மறைந்து, ‘யூ’ மட்டும் மிஞ்சியது. அதாவது அவர்கள் எல்லாரையும் ‘நீங்கள்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆனால் நம் காதுக்கு அது ‘நீ’ என்று விழுகிறது. அந்தக் குறையை அடைக்கத்தான் ‘சார்’ வருகிறது. ‘ஆமாங்க’ என்பதன் நேர்ப் பெயர்ப்பு ‘யெஸ் சார்’. வாக்கியத்துக்கு வாக்கியம் நாம் ‘சார்’ போடுவதற்குக் காரணமும் இதுதான், தமிழில் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்க’ வருகிறதே.

பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, குடும்பப் பெயரும் கிடையாது

மூத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பது நம்மிடம் தவறு. வீட்டில் அண்ணா, அக்கா, மாமா, சித்தி என்று முறைப்பெயர் இருக்கிறது. முறை இல்லாத இடத்தில், அலுவலகத்திலும் வங்கியிலும் பேருந்திலும், முறைப்பெயரின் நாற்காலியில் ‘சார்’ வந்து உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் ‘முருகன் அண்ணா’ என்பதைப் போலவே ‘குமார் சார்’ என்று பெயருக்குப் பின்னால் அது ஒட்டுகிறது.

ஆங்கிலத்தில் மரியாதையாகக் கூப்பிட ஒரு வழி உண்டு: ‘மிஸ்டர்’ போட்டு குடும்பப் பெயரைச் சொல்வது. ஆனால் நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே இல்லை, தகப்பனார் பெயரின் முதல் எழுத்துதான் இருக்கிறது. அந்த வழி நமக்குப் பழகவே இல்லை. அதனால் ‘ஜான் சார்’, ‘மிஸ்டர் ஜான்’ என்றெல்லாம் சொல்கிறோம். இவை இரண்டும் ஆங்கிலத்தில் இல்லாத வடிவங்கள். சொல்லை முன்னால் மாற்றி ‘சர் ஜான்’ என்றால் அவர் அரச பட்டம் பெற்றவர் என்று பொருள் ஆகிவிடும்.

பள்ளிக்கூடமும் சர்க்கார் கடிதமும்

‘சர்’ என்ற சொல்லின் வேர் லத்தீனில் ‘மூத்தவர்’ என்று பொருள்படும் ‘சீனியர்’. ‘மேடம்’ பிரெஞ்சு மொழியில் ‘என் சீமாட்டி’. வெள்ளைக்காரன் ஆட்சியில் அலுவல் கடிதங்கள் ‘சர்’ என்று தொடங்கி, ‘தங்கள் மிகக் கீழ்ப்படிந்த ஊழியன்’ என்று முடிவது வழக்கம். லண்டனில் அந்தப் பாணி எப்போதோ மெலிந்துவிட்டது. நம் ஊரில் அது பள்ளி விடுப்புக் கடிதத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது: ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று ஆரம்பித்து, காய்ச்சல் என்று சொல்லி, ‘யுவர்ஸ் ஒபீடியண்ட்லி’ என்று முடியும். எட்டு வயதில் மனப்பாடம் செய்த வடிவம் முப்பது வயதில் மின்னஞ்சலில் வெளிப்படுவதில் வியப்பு ஒன்றும் இல்லை.

பக்கத்து மாநிலத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 2021-ல் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள மாத்தூர் கிராம பஞ்சாயத்து, தன் அலுவலகத்துக்கு வரும் மக்கள் ‘சார்’, ‘மேடம்’ என்று அழைக்க வேண்டியதில்லை, பெயரையோ பதவியையோ சொன்னால் போதும் என்று தீர்மானம் போட்டது. நல்ல தீர்மானம். ஆனால் பெயர் சொல்லத் தயங்குகிறவர்கள் சேட்டன், சேச்சி என்று, அதாவது அண்ணன், அக்கா என்று அழைக்கலாம் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. ‘சார்’ என்ற சொல்லை எடுத்துவிடலாம், அது இருந்த இடம் காலியாகவே இருக்காது, வேறு ஏதாவது அங்கே வந்தாக வேண்டும். வெளிநாட்டுக்கும் இது பொருந்தும். பின்னால் அதற்கு வருகிறேன்.

நம் ‘சார்’ இரு பக்கமும் போகும், அவர்கள் ‘சர்’ ஒரு பக்கம்தான் போகும்

தவறான புரிதல் பிறக்கும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சென்னையில் ஒரு வங்கியில் சம பதவியில் உள்ள இருவர் ஒருவரை ஒருவர் ‘சார்’ என்கிறார்கள். ஆட்டோ ஓட்டுநர் ‘எங்க சார் போகணும்’ என்கிறார், ஏறுகிறவரும் ‘மயிலாப்பூர் சார், எவ்வளவு’ என்கிறார். சண்டையில்கூட ‘என்ன சார், பாத்துப் போகக் கூடாதா’ என்றுதான் ஆரம்பிக்கிறோம். இங்கே ‘சார்’ என்றால் நான் உனக்குக் கீழே என்று பொருள் இல்லை. ‘நீங்கள் எனக்கு முன்பின் தெரியாத பெரிய மனிதர், மரியாதையாகப் பேசுகிறேன்’ என்பதுதான் பொருள்.

பிரிட்டனில் ‘சர்’ கேட்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். கடைக்காரர் வாடிக்கையாளரிடம் சொல்வார். மாணவன் ஆசிரியரிடம் சொல்வான். படைவீரர் அதிகாரியிடமும், காவலர் மேலதிகாரியிடமும் சொல்வார்கள். எல்லாமே ஒரு திசை. வாடிக்கையாளர் கடைக்காரரைத் திருப்பி ‘சர்’ என்பதில்லை, ஆசிரியர் மாணவனை அப்படி அழைத்தால் அதில் கண்டிப்பு இருக்கும். ஆகவே ஓர் அலுவலகத்தில் நீங்கள் ‘யெஸ் சார்’ என்றால், கேட்பவர் மனதில் எழும் படங்கள் கடை, பள்ளிக்கூடம், படை. தன்னை முதலாளியாக நிறுத்துகிறார்கள் என்று அவருக்குக் கூச்சமாக இருக்கும். உங்களைப் பற்றி ‘இவர் சொன்னதைச் செய்வார், தானாகக் கருத்துச் சொல்ல மாட்டார்’ என்ற எண்ணம் ஏற்படும். இரண்டாவதுதான் கெடுதல், ஏனென்றால் பொறுப்பான வேலையை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கும்போது அந்த எண்ணமும் கூடவே வரும்.

‘மேடம்’ இன்னும் வழுக்கலான சொல். பிரிட்டனில் கடையிலோ ஓட்டலிலோ ‘மேடம்’ என்பது சரி. அலுவலகத்தில் கேலியாகத் தொனிக்கலாம். அதிகாரம் செய்யும் சின்னப் பெண்ணை ‘லிட்டில் மேடம்’ என்று அலுத்துக்கொள்வது அங்கே வழக்கம், விபச்சார விடுதி நடத்துபவள் என்ற மோசமான பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. அமெரிக்காவில் ‘மேம்’ தென் மாநிலங்களில் சாதாரண மரியாதை, வேறு பகுதிகளில் ‘எனக்கு வயதாகிவிட்டது என்கிறாயா’ என்று எடுத்துக்கொள்ளும் பெண்கள் நிறைய.

சுவீடனில் விஷயம் இன்னும் கூர்மையானது. 1960-கள் வரை அங்கும் எதிரில் இருப்பவரை நேராக ‘நீங்கள்’ என்று சொல்லத் தயங்கி, ‘டைரக்டர் காபி சாப்பிடுகிறாரா’ என்று பதவியைப் படர்க்கையில் வைத்துப் பேசினார்கள். 1967-ல் அந்நாட்டு மருத்துவத் துறைத் தலைமைப் பொறுப்பை ஏற்ற ப்ரூர் ரெக்செட், ஊழியர்கள் எல்லாரையும் பெயர் சொல்லி ‘நீ’ என்றே அழைப்பேன், என்னையும் அப்படியே அழைக்கலாம் என்று அறிவித்தார். ஏற்கெனவே மாறிக்கொண்டிருந்த வழக்கத்துக்கு அது அடையாளமாக நின்றது, சில ஆண்டுகளில் நாடே ‘நீ’க்கு மாறியது. அங்கே போய் ‘சார்’ என்றால், அவர்கள் விரும்பிக் கைவிட்ட ஒன்றை நாம் திரும்ப எடுத்துக் கையில் கொடுப்பது போல ஆகிவிடுகிறது.

மருத்துவமனையில் பெயர் ஏன் முக்கியம்

பெயர் சொல்லி அழைப்பது வெறும் நட்புப் பாவனை என்று பலர் நினைக்கிறார்கள். அறுவை அரங்கில் அது பாதுகாப்பு முறை.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கான பாதுகாப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்க மருந்து கொடுக்கும் முன், தோலை வெட்டும் முன், நோயாளி அரங்கை விட்டுப் போகும் முன் என்று மூன்று கட்டங்கள் அதில் உண்டு. இரண்டாவது கட்டத்தின் முதல் வரி, குழுவில் உள்ள எல்லாரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டார்களா என்று உறுதி செய்யச் சொல்கிறது. அரங்கில் ஒருமுறை வாயைத் திறந்து பேசியவர், அவசரத்தில் மறுபடி திறப்பது சுலபம் என்பதுதான் அதன் பின்னால் உள்ள யோசனை.

2005-ல் இங்கிலாந்தில் எலைன் ப்ராமிலி என்ற பெண் சைனஸ் அறுவைக்குப் போனார். மயக்கம் கொடுத்த பின் மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செலுத்த முடியவில்லை. ஒரு செவிலியர் தொண்டையில் துளையிடும் கருவித் தொகுப்பைக் கொண்டுவந்து, தயார் என்று சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்யப் போனார். அனுபவமுள்ள மருத்துவர்கள் குழாயைச் செலுத்தும் முயற்சியையே தொடர்ந்தார்கள். அந்தப் பெண் பிழைக்கவில்லை. விமான ஓட்டியான அவர் கணவர் மார்ட்டின் ப்ராமிலி, மருத்துவத்தில் இப்படிப்பட்ட மனிதக் காரணிகளைக் கவனிக்க ஓர் அமைப்பையே தொடங்கினார். அங்கே யாரும் ‘சார்’ போட்டதால் இது நடக்கவில்லை. ஆங்கிலமே தாய்மொழியாக உள்ள இடத்திலேயே பதவிப் படிநிலை வாயைக் கட்டுகிறது என்பதைத்தான் இது காட்டுகிறது, அதனால்தான் அந்தப் படிநிலையைப் பேச்சில் தளர்த்த அவ்வளவு முயற்சி எடுக்கிறார்கள். நாம் போய் ஒவ்வொரு வாக்கியத்திலும் அதை இறுக்கிக் கட்டும்போது அவர்கள் சங்கடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘ஓகே சார்’ என்றால் சம்மதமா?

ஒரு காட்சியை வைத்துப் பார்க்கலாம். மதுரையிலிருந்து இங்கிலாந்துக்குப் போன செவிலியர் ஒருவர், வார்டில் முதல் மாதம். மருத்துவர் ஒரு நோயாளிக்கு கோ-அமாக்ஸிக்ளாவ் எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகிறார். நோயாளியின் கையில் ஒவ்வாமையைக் குறிக்கும் சிவப்புப் பட்டை இருக்கிறது, பென்சிலின் ஆகாது என்று குறிப்பும் இருக்கிறது. கோ-அமாக்ஸிக்ளாவ் பென்சிலின் வகை மருந்துதான். பேச்சு இப்படிப் போகிறது:

‘சார், ஒன் மினிட் சார். திஸ் பேஷண்ட், அலர்ஜி ஈஸ் தேர் சார்.’

திரையைப் பார்த்தபடியே மருத்துவர்: ‘இட்ஸ் ஃபைன், ஜஸ்ட் கிவ் த ஃபர்ஸ்ட் டோஸ்.’

‘ஓகே சார்.’

செவிலியரின் மனதில் இந்த ‘ஓகே சார்’ என்பது ‘சரிங்க’. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை, கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்கிறேன். தமிழ் மருத்துவராக இருந்திருந்தால் அந்த இழுப்பையும் தயக்கத்தையும் பிடித்திருப்பார். ஆங்கிலேயர் காதில் விழுந்தது இரண்டு சொல்: ஒப்புக்கொண்டார், கொடுத்துவிடுவார். இரண்டு ‘சார்’களுக்கு நடுவே ‘அலர்ஜி’ என்ற சொல் அமுங்கிப்போனதும் அவருக்குத் தெரியாது. ஆபத்து இந்த இடத்தில்தான். ‘சார்’ என்ற சொல் மரியாதைக் குறைவாகக் கேட்கிறதா என்பது அதற்குப் பிறகு வரும் சிறிய கேள்வி.

இதே இடத்தில் அங்கே பயிற்சியில் கற்றுத்தரும் ஒரு வழி இருக்கிறது, மூன்று படிகள்: எனக்குக் கவலையாக இருக்கிறது, எனக்கு இது சரியாகப் படவில்லை, இது நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினை. ஒரு படி வேலை செய்யாவிட்டால் அடுத்த படிக்குப் போக வேண்டும். ‘டேவிட், ஐ ஆம் கன்சர்ன்ட். ஹீ இஸ் அலர்ஜிக் டு பென்சிலின், அண்ட் திஸ் இஸ் எ பென்சிலின்.’ முதலில் பெயர், பிறகு கவலை, பிறகு உண்மை. பெயரைச் சொன்னதும் அந்த மனிதர் திரையிலிருந்து தலையைத் திருப்புவார், ‘சார்’ என்ற பொதுச் சொல்லுக்கு அந்த இழுப்பு இல்லை.

அந்தக் காலி இடத்தில் என்ன வைப்பது?

‘சார்’ போடாதே என்று மட்டும் சொன்னால் நம்மவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, எப்படியும் அழைக்காமல் ‘எக்ஸ்க்யூஸ் மீ’ என்று பக்கத்தில் போய் நிற்பது. இல்லாவிட்டால் ‘சார்’ போய் வெறும் கட்டளை மட்டும் மிஞ்சுவது. ‘அந்த ஃபைலை அனுப்புங்க சார்’ என்பது தமிழில் முழு மரியாதை. ‘செண்ட் மீ த ஃபைல் சார்’ என்பது ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் அதட்டலும் பணிவும் சேர்ந்த விசித்திரம். அதில் ‘சார்’ஐ மட்டும் எடுத்தால் அதட்டல்தான் நிற்கும்.

ஆங்கிலத்தின் மரியாதை வினைமுற்றில் இல்லை, விளிச்சொல்லிலும் அதிகம் இல்லை, கேட்கும் விதத்தில் இருக்கிறது.

1. கட்டளையைக் கேள்வியாக மாற்றுங்கள். ‘கேன் யூ செண்ட் மீ த ஃபைல் வென் யூ கெட் எ சான்ஸ்?’ இந்த ‘கேன் யூ’தான் நம் ‘ங்க’. இன்னும் பணிவு வேண்டுமென்றால் ‘வுட் யூ மைண்ட்’. இதைப் பழகிவிட்டால் ‘சார்’ இல்லாமல் வாக்கியம் மொட்டையாக இருக்கிறது என்ற உறுத்தல் மெதுவாக அடங்கும்.

2. பெயரைப் பேச்சின் தொடக்கத்தில் ஒரு முறை சொல்லுங்கள். ‘சார்’ போல வாக்கியத்துக்கு வாக்கியம் ‘டேவிட்’ போட்டால் கண்டிப்பது போலவோ எதையோ விற்க வந்தது போலவோ ஆகிவிடும்.

3. ‘யெஸ்’ஸோடு நிறுத்தாதீர்கள். கேட்டுக்கொண்டேன் என்றால் ‘ஐ ஹியர் யூ, பட்’ என்று தொடருங்கள். செய்யப் போகிறேன் என்றால் எதை, எப்போது என்று சொல்லுங்கள். முடியாது என்றால் முடியாது என்பதையே சொல்லுங்கள். கடினமான பழக்கம் இதுதான், மற்ற இரண்டும் ஒரு மாதத்தில் வந்துவிடும்.

எந்த அழைப்பு சரி என்று தெரியாவிட்டால் அவர் அனுப்பிய மின்னஞ்சலின் கடைசி வரியைப் பாருங்கள். ‘சாரா’ என்று மட்டும் முடித்திருந்தால், சாரா என்று கூப்பிடு என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். ‘கால் மீ சாரா’ என்று ஒருவர் முதல் முறை சொல்வது உபசாரம் இல்லை, நம் வீட்டில் ‘சாப்பிட்டுப் போங்க’ என்றால் மூன்று முறை மறுத்துவிட்டு உட்காரும் வழக்கம் இதில் கிடையாது. இரண்டாம் முறை சொல்லவைத்தால் அவர் பொறுத்துக்கொள்கிறார் என்று பொருள்.

‘சார்’ சரியாக இருக்கும் இடங்கள்

எல்லா வெளிநாடும் ஒன்றல்ல. வளைகுடா நாடுகளின் அலுவலகங்களில் ‘சார்’, ‘மேம்’ தினசரிப் பேச்சு, அங்கே வேலை செய்யும் பிலிப்பினோக்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். விட்டுவிட்டால்தான் தப்பாகத் தெரியும். படை, காவல் போன்ற சீருடைப் பணிகளில் பல நாடுகளில் அது வழக்கம். ஜெர்மனியில் ‘சார்’ இல்லை, ஆனால் பெயர் சொல்லி அழைப்பதும் உடனே கிடையாது: ‘ஹெர்’ அல்லது ‘ஃப்ராவ்’ போட்டுக் குடும்பப் பெயர், கூடவே நம் ‘நீங்கள்’ போன்ற ‘ஸீ’. தமிழருக்கு இது உண்மையில் சுலபமான ஊர், ஏனென்றால் நீ, நீங்கள் வேறுபாடு வினைச்சொல்லிலேயே இருக்கிறது.

வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு மாணவர்கள் எழுதும் கடிதம் தனி விஷயம். ‘ரெஸ்பெக்டட் சர்/மேடம்’ என்று தொடங்கும் கடிதம், ஒரே நேரத்தில் நூறு பேருக்கு அனுப்பியதாகவே படிக்கப்படும். எழுதுகிறவருக்குப் பெறுபவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை என்பது முதல் வரியிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. வெறும் ‘டியர் சர்’ என்று ஒரு பெண் பேராசிரியருக்குப் போனால் இன்னும் மோசம். ‘டியர் புரொஃபஸர்’ என்று எழுதி, பக்கத்தில் அவருடைய குடும்பப் பெயரைச் சேர்த்தால் போதும், ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது. அவர் பதிலில் முதல் பெயரை மட்டும் போட்டுக் கையெழுத்திட்டால், அடுத்த கடிதத்திலிருந்து நீங்களும் அந்தப் பெயரைப் போட்டே எழுதலாம்.